வடை பாயசத்தைப் பாடை ஆக்காதீர்கள்

திருமண வரவேற்புகளில் நிகழ்ச்சி தொகுத்து வழங்குவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. போன வாரம் ஒரு மேடையில் மாப்பிள்ளையின் நண்பர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, "நான் ஒரு ஸ்பூனரிசம் சொல்றேன், வடை பாயசம்!" என்றார். இரண்டு சொற்களின் முதல் ஒலிகளை இடம் மாற்றிச் சிரிக்க வைக்கும் விளையாட்டுதான் ஸ்பூனரிசம். அடுத்த நொடி, "பாடை வயசம்!" என்று கத்திவிட்டுத் தானே சிரித்தார். முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டார். கல்யாண மண்டபத்தில் பாடையா? இந்த சீசனில் இது மூன்றாவது சங்கதி. அதனால்தான் எழுதுகிறேன்.

தப்பு எங்கே? அவர் எழுத்தை மாற்றினார். மாற்ற வேண்டியது ஒலியை. தமிழ் படித்த நமக்கு இது சட்டென்று பிடிபடுவதில்லை. 'பா' என்பது நம் கண்ணுக்கு ஒரே எழுத்து, காதுக்கு இரண்டு ஒலி: ப் முன்னால், ஆ பின்னால். இடம் மாற வேண்டியது அந்த ப் மட்டும்தான். ஆ நகரக் கூடாது. வடையின் வ் பாயசத்துக்குப் போக, பாயசத்தின் ப் வடைக்கு வந்தால் கிடைப்பது 'படை வாயசம்'. பாடை எங்கேயும் இல்லை! உயிரோடு சேர்த்து எழுத்தையே தூக்கிப் போட்டதால் வந்த வினை அது. 'பல்லி வால்' எடுத்துப் பாருங்கள். ஒலியை மாற்றினால் 'வல்லி பால்'. எழுத்தை மாற்றினால் 'வால்லி பல்' என்று நாக்கே சுளுக்கும். 'பட்டு வேட்டி'யில் எழுத்தை மாற்றினாலும் 'வேட்டு பட்டி' என்று தப்பித் தவறி ஏதோ வரும். ஆனால் கேட்பவர் மனதில் பட்டு வேட்டி திரும்பி வராது. முதல் மெய் மட்டும் மாறி மற்றதெல்லாம் அப்படியே நின்றால்தான் காது பழைய சொல்லைக் கண்டுபிடித்துச் சிரிக்கும்.

இந்தப் பெயருக்குக் காரணமான ஸ்பூனர் ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜின் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்தவர். அவர் தலையில் கட்டப்பட்ட வேடிக்கைகளில் பெரும்பாலானவை மாணவர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. ஸ்பூனர் பேரிலேயே வீட்டுப்பாடம் செய்துவிட்டுத்தான் சொன்னார்கள். நீங்கள் மட்டும் ஏன் மேடை ஏறிய பிறகு யோசிக்கிறீர்கள்?

நல்லதை எப்படிப் பொறுக்குவது? மாறி வரும் இரண்டு சொல்லுமே எல்லோருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். 'வாயசம்' என்றால் காக்கை என்று அகராதி சொல்லும். வடை திருடும் காக்கைப் படை, அருமைதான். ஆனால் அதை விளக்க நீங்கள் வாயைத் திறந்தாலே நகைச்சுவை செத்தது. நான் ஒருமுறை விளக்கினேன். கைதட்டியது சவுண்ட் செட் பையன் மட்டும்.

தெரிந்த சொல்லாக இருந்தாலும் போதாது, இரண்டும் சேர்ந்து ஒரு காட்சி வர வேண்டும். 'பட்டு வேட்டி'யை ஒலி மாற்றினால் 'வட்டு பேட்டி'. இரண்டும் நல்ல தமிழ்ச் சொல், சேர்ந்தால் ஒன்றுமில்லை. 'பந்தல் கால்' மாறினால் 'கந்தல் பால்', இது பாதி தேறும். என் கைவசம் உள்ளதில் சிறந்தது 'தாலி கட்டு'. மாற்றிப் பாருங்கள்: 'காலி தட்டு'! பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. "மாப்பிள்ளைக்குத் தாலி கட்டு, லேட்டா வந்த நமக்குக் காலி தட்டு" என்று சொல்லிவிட்டு நான் நிறுத்திவிடுவேன். விளக்கம் கிடையாது. இதையும் முகூர்த்தத்துக்கு முன் சொல்ல மாட்டேன், வரவேற்பில் மட்டும்தான். பெண் வீட்டார் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தில் எழுதிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அந்த வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படிச் சொல்லிப் பாருங்கள். பந்தல் காலை 'பந்தக்கால்' என்றும் வேட்டியை 'வேஷ்டி' என்றும் சொல்லும் வீட்டில் என் இரண்டு உதாரணமும் படுத்துவிடும். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லிடம் கொடுக்க மெய் இல்லை, அதை விட்டுவிடுங்கள். ஒரே மெய்யில் தொடங்கும் ஜோடியை மாற்றி என்ன பயன்?

கடைசியாக, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ககரத்தையும் பகரத்தையும் மாற்றும்போது ரொம்ப ஜாக்கிரதை. எந்தச் சொல் என்று இங்கே எழுத முடியாது. வீட்டில் அத்தையிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் அதை மண்டபத்துக்குக் கொண்டுவராதீர்கள்.