மூன்று இதழ்ப் பூவின் பரப்பு ஏன் இரட்டிப்பாக வருகிறது?

கல்லூரி முதலாண்டு படிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார்: “r = cos 3θ என்ற ரோஜா வளைவரையின் பரப்பைக் கண்டுபிடிக்க 0 முதல் 2π வரை தொகையிட்டேன். π/2 வந்தது. புத்தகத்தில் விடை π/4. ஆனால் r = cos 2θ-க்கு அதே எல்லைகளைப் போட்டால் சரியான விடை வருகிறது. முதல் கணக்கில் எங்கே தவறினேன்?”

தொகையிட்டதில் தவறே இல்லை. கோணத்தின் எல்லைகளில்தான் சிக்கல்.

சூத்திரத்தை ஒரு வரியில் நினைவுபடுத்திக்கொள்வோம். r ஆரமும் dθ என்ற மிகச் சிறிய கோணமும் கொண்ட வட்டக்கோணப் பகுதியின் பரப்பு ½ r² dθ. இத்தகைய மெல்லிய துண்டுகளையெல்லாம் கூட்டினால் ½ ∫ r² dθ. வட்டக்கோணப் பகுதியின் பரப்பு பள்ளியிலேயே பார்த்ததுதான். எந்தக் கோணத்தில் தொடங்கி எதில் முடிப்பது என்பதை மட்டும் சூத்திரம் சொல்லாது. அதற்கு வளைவரை எப்படி வரையப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு நீளமான கம்பியை அதன் நடுவில் ஆணியடித்து மேசையில் பொருத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி ஆணியைச் சுற்றி இடஞ்சுழியாக ஒரே சீராகச் சுழல்கிறது. கம்பியில் கோத்த மணி ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. கம்பியின் ஒரு முனையில் அம்புக்குறி இருக்கிறது. அது காட்டும் திசைதான் θ. ஆணியிலிருந்து மணி இருக்கும் தூரம் r. இப்போது r குறை எண்ணானால் என்ன ஆகும்? மணி ஆணியைக் கடந்து கம்பியின் மறுபாதிக்குப் போய்விடும். அம்பு ஒரு பக்கம் காட்டும், மணி நேர் எதிர்ப்பக்கம் கோடு போடும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. ரோஜா வளைவரையின் புதிர் முழுவதும் இந்த ஒரு நகர்வுக்குள் இருக்கிறது.

r = cos 3θ-வை இப்படி ஓட்டிப் பார்ப்போம். படிப்பதற்கு எளிதாகப் பாகையில் சொல்கிறேன். θ = 0° ஆக இருக்கும்போது r = 1; மணி வலது ஓரத்தில், இதழின் நுனியில் இருக்கிறது. கம்பி 30° திரும்புவதற்குள் r பூஜ்ஜியமாகி மணி ஆணிக்கு வந்துவிடுகிறது. முதல் இதழின் மேல்பாதி முடிந்தது. 30° முதல் 90° வரை r குறை எண். அம்பு மேலே வலப்பக்கம் காட்டிக்கொண்டிருக்க, மணியோ கீழே இடப்பக்கம், 240° திசையை நடுவாகக் கொண்டு ஒரு முழு இதழை வரைந்துவிடுகிறது. 90° முதல் 150° வரை r மறுபடியும் மிகை எண். 120° திசையில் இன்னோர் இதழ். 150° முதல் 180° வரை r திரும்பவும் குறை எண். அம்பு இடப்பக்கம், மணி வலப்பக்கம். இந்த 30°-இல் முதல் இதழின் விட்டுப்போன கீழ்பாதி பூர்த்தியாகிறது.

கம்பி அரைச்சுற்றுதான் சுற்றியிருக்கிறது. அதற்குள் மூன்று இதழ்களும் முடிந்து, மணி தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. மீதி அரைச்சுற்றில் அது போட்ட கோட்டின் மேலேயே திரும்பக் கோடு போடும். வாசகருக்கு விடை இரட்டிப்பாக வந்தது அதனால்தான்.

“இரண்டாவது அரைச்சுற்று முதல் அரைச்சுற்றை அடித்துவிடாதா?” என்று சிலர் கேட்பார்கள். x அச்சுக்குக் கீழே போன வளைவரை குறைப் பரப்பைத் தந்து பழகிய பயம் அது. இங்கே r வர்க்கமாகி வருகிறது. மணி எந்தப் பாதியில் இருந்தாலும், ஆணிக்கும் மணிக்கும் இடைப்பட்ட கம்பித் துண்டு உண்மையிலேயே ஒரு பரப்பின் மேல் துடைப்பம்போல் நகர்ந்து செல்கிறது. தொகையீடு அதை அப்படியே கணக்கில் சேர்க்கிறது. அந்த இடத்தின் மேல் கம்பி ஏற்கெனவே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

பார்ப்பதற்கு ஒரு வழி: θ-வுக்குப் பதில் θ + π போடுங்கள். cos(3θ + 3π) = −cos 3θ. திசையும் எதிர், குறியும் எதிர். எனவே அதே புள்ளி. ஆகவே π-யோடு நிறுத்திவிடலாம். r = cos 2θ-வில் cos(2θ + 2π) = cos 2θ. திசை மட்டும் எதிராகி, குறி மாறாமல் இருப்பதால் மணி எதிர்ப்பக்கத்துப் புதிய புள்ளிக்குப் போகிறது. அதனால்தான் அங்கே நான்கு இதழ்கள் வருகின்றன, முழுச் சுற்றும் தேவைப்படுகிறது. “r = cos nθ-வில் n ஒற்றை எண் என்றால் π வரை, இரட்டை எண் என்றால் 2π வரை” என்று இதைப் பல இடங்களில் மனப்பாடமாகவே சொல்லித் தருகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கம்பியையும் மணியையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தவருக்கு அந்த விதி தானாகவே கிடைத்துவிடும். விதியை மட்டும் வைத்திருப்பவர் ரோஜா அல்லாத வளைவரை வந்ததும் நின்றுவிடுவார்.

நான் கணக்குப் போடும்போது ஓர் இதழை மட்டும் எடுத்துக்கொள்வேன். r பூஜ்ஜியமாகும் அடுத்தடுத்த இரண்டு கோணங்களைப் பிடித்தால் போதும். cos 3θ = 0 என்றால் 3θ = ±π/2, அதாவது θ = −π/6, π/6. இவற்றுக்கிடையே cos² 3θ-வின் சராசரி ½. இடைவெளி π/3. எனவே ஓர் இதழின் பரப்பு ½ × ½ × π/3 = π/12. மூன்று இதழ்களுக்கு π/4.

வாசகர் தன் விடை தவறு என்று புத்தகத்தைப் பார்க்காமலே கண்டுபிடித்திருக்கலாம். ஒவ்வோர் இதழும் 60° விரிவும் 1 ஆரமும் உள்ள வட்டக்கோணப் பகுதிக்குள் அடங்குகிறது. அதன் பரப்பு π/6. மூன்றையும் சேர்த்தால் π/2. அவருக்கு வந்த விடை அதேதான்! அது சரியென்றால் இதழ்கள் அந்தப் பகுதிகளை ஓர் இடைவெளியும் இல்லாமல் அடைத்திருக்க வேண்டும். படத்தைப் பார்த்தாலே இதழ்கள் அதைவிட ஒல்லியானவை என்று தெரியும்.

இதய வடிவான r = 1 + cos θ-வில் இந்தத் தொல்லை கிடையாது. r ஒருபோதும் குறை எண்ணாவதில்லை; θ = π-யில் மட்டும் பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்புகிறது. 0 முதல் 2π வரை ஒரே சுற்று, பரப்பு 3π/2.

அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி r = 1 + 2 cos θ என்று போட்டுப் பாருங்கள். இப்போது 120°-க்கும் 240°-க்கும் இடையில் r குறை எண். மணி ஆணியைக் கடந்துபோய், பெரிய வளையத்துக்குள்ளேயே ஒரு சின்ன வளையத்தை வரைகிறது. 0 முதல் 2π வரை தொகையிட்டால் 3π, அதாவது சுமார் 9.42 வரும். இந்தப் படத்தில் அந்த எண்ணுக்குரிய பகுதி எதுவுமே இல்லை. ஆணியைத் தொடும் கோணங்களான 2π/3, 4π/3 ஆகியவற்றை எல்லைகளாக வைத்தால் உள்வளையத்தின் பரப்பு π − 3√3/2, சுமார் 0.54. −2π/3 முதல் 2π/3 வரை போனால் வெளிவளையத்துக்குள் அடங்கும் மொத்தப் பரப்பு 2π + 3√3/2, சுமார் 8.88. இரண்டையும் கூட்டினால் அந்த 9.42 வந்துவிடும்: உள்வளையத்தின் மேல் கம்பி இரண்டு முறை போயிருக்கிறது. இரு வளையங்களுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் கேட்டால், 8.88-இலிருந்து 0.54-ஐக் கழிக்க வேண்டும். 3π-யிலிருந்து தொடங்கினால் அதே 0.54-ஐ இரண்டு முறை கழிக்க வேண்டும். எப்படிப் போட்டாலும் விடை π + 3√3.