பில் வந்த அன்றே சீல்: அலுவலகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளருக்கு

எனக்குத் தெரிந்த அச்சகக்காரர் ஒருவர் ஜூன் 12 அன்று ஓர் அலுவலகத்தில் நோட்டுகளை இறக்கிவிட்டு பில்லையும் கொடுத்தார். அது டிராயரில் கிடந்து, ஜூலை 1 அன்றுதான் வந்த தேதியைக் காட்டும் இன்வர்டு சீல் விழுந்தது. பணம் கேட்டுப் போனவரிடம், "உங்க பில்லே ஒண்ணாம் தேதிதான் வந்திருக்கு, 45 நாள் ஆகட்டும்" என்றார்கள். அந்தக் கணக்கில் ஆகஸ்ட் 15.

சட்டத்தின் கணக்கு வேறு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள்தான். நாட்களை எண்ணுவது சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியிலிருந்து, சீல் தேதியிலிருந்து அல்ல. சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வந்த அன்றே ஏற்றுக்கொண்டதாகத்தான் அர்த்தம். ஆக, ஒப்பந்தம் இருந்த அந்த அச்சகக்காரருக்குக் கடைசி நாள் ஜூலை 27. தாமதித்தால் வட்டியும் சேரும். ஆனால் இந்த உரிமை குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான், நடுத்தர நிறுவனத்துக்குக் கிடையாது. அதனால் பில்லில் இத்தகைய நிறுவனங்களின் அரசுப் பதிவு எண்ணான உத்யம் எண் இருந்தால் அதையும் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். பில் கைக்கு வந்ததும், அதன் எண், தேதி, நம் ஜிஎஸ்டி எண், பர்ச்சேஸ் ஆர்டர் எண் நான்கையும் பாருங்கள். 'புரோஃபார்மா' என்று போட்டிருந்தால் அது பில்லே இல்லை. சீலை முன்பக்கத்தில் காலி இடம் பார்த்துக் குத்துங்கள். தொகை மேலோ எண் மேலோ விழுந்தால் ஆடிட்டர் கேட்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சீலில் இன்றைய தேதி, வரிசை எண், உங்கள் இனிஷியல் மூன்றும் இருக்க வேண்டும். பில் கொண்டுவந்தவரின் நகலிலும் அதே சீலைப் போட்டுக் கொடுங்கள். "அப்புறம் வாங்க" என்று அவரை அனுப்பிவிடாதீர்கள். நாளை சண்டை வந்தால் அவர் கையில் இருக்கும் ஆதாரம் அந்த நகல் ஒன்றுதான்.

பதிவேட்டில் பில் விவரத்தோடு, சரக்கோடு வந்த சலானைப் பார்த்து சரக்கு வந்த தேதியையும் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். பில்லை அக்கவுண்ட்ஸுக்குக் கொடுக்கும்போது வாங்குபவரிடம் கையெழுத்து வாங்குங்கள். "டேபிள் மேல வச்சேன்" என்பது பதிவு ஆகாது.

ஆளை அலைய வைப்பது பெரும்பாலும் திருப்பி அனுப்பும் பில்தான். ஜிஎஸ்டி எண்ணில் ஓர் இலக்கம் தப்பு என்று வாயால் சொல்லி அனுப்புவார்கள், திருத்தி வந்ததும் புது சீல் போட்டு நாளைப் புதிதாக எண்ணுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திருப்பிய தேதியையும் காரணத்தையும் பதிவேட்டில் அந்த பில்லின் பழைய பதிவுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். திருத்திய பில்லுக்கும் பழைய வரிசை எண்ணே போதும். பக்கத்தில் 'திருத்தி வந்தது' என்று தேதியோடு குறியுங்கள். ஒரே பில் மெயிலில் ஒரு தடவை, கையில் ஒரு தடவை என்று வந்து இரண்டு முறை பணம் போவதையும் இது தடுக்கும்.

பணம் போகாத பில்கள் சரக்கு வந்த தேதி வரிசையில் ஒரே ஃபைலில் இருக்கட்டும், பழையது மேலே. பணம் போனபின் பில்லோடு சலானைச் சேர்த்துப் பின் செய்து, பணம் போன தேதியை எழுதி, அந்த நிதியாண்டின் ஃபைலில் சப்ளையர் பெயர் வாரியாக வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை எதையும் கிழிக்கக் கூடாது.