நெத்தியில 97.9, நாக்குக்கடியில 101.5: எந்த தெர்மாமீட்டர் சரி?

குளிர் ஜுரம் ஆரம்பிச்சு ஆளு நடுங்கிட்டு இருக்கறப்ப நெத்தியில கன் தெர்மாமீட்டர காட்டினா 97.9 வரலாம், அதே ஆளுக்கு நாக்குக்கடியில டிஜிட்டல் வெச்சா 101.5 வரலாம். உடனே ஏதோ ஒண்ணு டுபாக்கூர்னு முடிவு கட்டிடுவோம். ஆனா ரெண்டு மீட்டருமே நல்லா இருந்தாலும் இப்படி வரும், ஏன்னா ரெண்டும் அளக்கற இடமே வேற.

வாயில வைக்கறது சிம்பிள். அதோட நுனியில தெர்மிஸ்டர்னு ஒரு குட்டி சமாச்சாரம் இருக்கு, சூடு ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அத வெச்சு டிகிரிய சொல்லுது. நாக்குக்கு அடியில, பின்பக்கமா உள்ள குழியில ரத்தக்குழாய் ரொம்ப கிட்ட ஓடுது, அதனால உள்சூடுக்கு பக்கத்துல உள்ள நம்பர் கிடைக்கும். வாய மூடி வெச்சிருக்கணும், இப்பதான் காபி குடிச்சிருந்தா கால் மணி நேரமாவது, முடிஞ்சா அரை மணி நேரம் பொறுத்துக்கணும், அவ்ளோதான்.

கன் கதைதான் பெரிசு. அது லேசர் மாதிரி எதையும் உள்ள அனுப்பறது இல்ல (அப்படி ஒரு பயம் கொரோனா டைம்ல நல்லாவே சுத்துச்சு), நம்ம தோல்ல இருந்து தானா வெளிய வர்ற இன்ஃப்ராரெட் வாங்கிக்குது, அவ்வளவுதான். உள்ள இருக்கற தெர்மோபைல், தோலுக்கும் தனக்கும் எவ்ளோ சூடு வித்தியாசம்னு மட்டும் பார்க்கும், அப்புறம் தன்னோட சூட்ட இன்னொரு சென்சார்ல பார்த்து அதோட சேர்த்து தோல் சூட்ட கணக்கு பண்ணும். அதனாலதான் ஏசி கார்ல கிடந்த கன்ன வெயில்ல எடுத்து உடனே அடிச்சா நம்பர் கன்னாபின்னான்னு வரும், அதோட சூடு செட்டில் ஆக பத்து இருபது நிமிஷமாவது விடணும்.

இப்ப முக்கியமான விஷயம். ஜுரமே இல்லாத ஆளுக்கும் நெத்தித் தோல் சுமார் 34 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும், ஆனா ஸ்க்ரீன்ல 36.6னு வரும். நடுவுல உள்ள அந்த ரெண்டரை டிகிரி அளந்தது இல்ல, கம்பெனிக்காரன் போட்ட ஃபார்முலா கூட்டினது. சாதாரண ரூம்ல, வியர்வை இல்லாத நெத்திக்கு அந்தக் கூட்டல் ஓரளவு பொருந்தும். ஃபேனுக்கு கீழ வியர்வையோட நின்னா தோல் குளிர்ந்துடும், நம்பர் கீழ போகும், வெயில்ல இருந்து வந்தா மேல போகும். ஜுரம் ஏறற நேரத்துலயோ உடம்பே சூட்ட வெளிய விடாம பிடிச்சு வைக்க தோல்ல உள்ள ரத்தக்குழாய்கள சுருக்கிடுது, உள்ள 38.6 ஆகியிருக்கும், நெத்தி சில்லுன்னு இருக்கும், கன் அதே கூட்டல போட்டு 36.6னு சொல்லிடும். அதுதான் ஃபாரன்ஹீட்ல நாம பார்த்த 101.5, 97.9. நடுக்கம் நின்னு நெத்தி சுட ஆரம்பிச்ச பிறகு அடிச்சா ரெண்டும் கிட்ட வரும்.

சரி, மீட்டர் நல்லா இருக்கான்னு எப்படி பார்க்கறது? டிஜிட்டல லேப்ல கலக்கிட்டே இருக்கற வெந்நீர் தொட்டியில, ஒரு ரெஃபரன்ஸ் மீட்டர் பக்கத்துல முக்கி பார்ப்பாங்க, 37ல இருந்து 39 வரைக்கும் 0.1 டிகிரி செல்சியஸ் கூடக் குறைய இருந்தா ஓகே. ஐஸ் தண்ணி உதவாது, பெரும்பாலான மீட்டர் 32க்கு கீழ Lo-ன்னு சொல்லிட்டு விட்டுடும். வீட்ல பார்க்கணும்னா ஃபிளாஸ்க்ல 38 டிகிரி கிட்ட தண்ணி ஊத்தி, ரெண்டு டிஜிட்டல் மீட்டரோட நுனிய சேர்த்து பிடிச்சு கலக்குங்க, பீப் சத்தத்தோட எடுத்துடாதீங்க, நம்பர் நிக்கற வரை விடுங்க, ஏன்னா சில மாடல் பீப் அடிக்கறப்ப ஊகிச்ச நம்பரத்தான் காட்டும். ரெண்டுக்கும் நடுவுல 0.2க்குள்ள இருந்தா கவலையில்ல.

அதே தண்ணியில கன்ன காட்டி செக் பண்றேன்னு சிலர் பண்ணுவாங்க, அது வேலைக்கு ஆகாது, மேல்பரப்பு ஆவியாகி ஆறிட்டே இருக்கும், பாடி மோடுல இருந்தா அந்தக் கூட்டல் வேற அதுக்கு மேல ஏறும். லேப்ல பிளாக்பாடின்னு உள்பக்கம் கறுப்பு பூசின ஒரு குழிய, சூடு ஏறி இறங்காத தண்ணியில வெச்சு, அதோட வாய்க்குள்ள கன்ன காட்டுவாங்க, அதுவும் கூட்டல் இல்லாம காட்டற கேலிபரேஷன் மோடுல. 0.3 வரைக்கும் விடுவாங்க. லென்ஸ்ல விரல் அழுக்கு படிஞ்சிருந்தா இங்கயே குறைச்சுக் காட்டி மாட்டிக்கும்.

ஆனா இது சென்சார் சரியான்னு மட்டும்தான் சொல்லும். கூட்டல் ஃபார்முலா சரியான்னு பார்க்க தொட்டியும் குழியும் பத்தாது, ஜுரம் உள்ளவங்க இல்லாதவங்க, குழந்தைங்க பெரியவங்கன்னு நிறைய பேருக்கு கன்லயும் நம்பகமான இன்னொரு மீட்டர்லயும் ஒரே நேரத்துல எடுத்து, சராசரியா எவ்ளோ விலகுது, ஆளுக்கு ஆள் எவ்ளோ மாறுதுன்னு தனியா பார்க்கணும்.