புகையிலையை விட்டது புற்றுக்குக் காரணம் இல்லை

"விட்டதுக்கு அப்புறம்தானுங்க டாக்டர் வந்துச்சு. போட்டுட்டு இருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க."

தன் அம்மாவுக்குப் புற்று என்ற ரிப்போர்ட்டை வாங்க வந்த மகன் சொன்னது இது. நான் சேலத்தில் நோய்க்குறியியல் மருத்துவர். உடலிலிருந்து எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று சொல்வது என் வேலை. இந்தப் பேச்சை வேறு வேறு வாய்களிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனென்றால் இந்தப் பேச்சை நம்பி, "அப்ப நான் எதுக்கு விடணும்?" என்று மறுபடி புகையிலையைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. இளம் வயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் பழக்கம். அந்தக் கன்னத்தின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று வந்தது. சதை எடுத்து அனுப்பினார்கள். புற்று இல்லை, ஆனால் மிதமான டிஸ்ப்ளேசியா என்று ரிப்போர்ட் கொடுத்தேன். செல்கள் ஒழுங்கு கெட்டிருக்கின்றன, ஆனால் தங்கள் எல்லையைத் தாண்டவில்லை என்று அர்த்தம். திட்டை வெட்டி எடுக்கவும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டவும் சொன்னார்கள். அந்த அம்மா அன்றோடு புகையிலையை விட்டார், பாக்கையும் விட்டார். நாற்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் விடுவது சாதாரணக் காரியம் இல்லை. கொஞ்ச நாளில் திட்டு மங்கியது. சரியாகிவிட்டது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். பிறகு யாரும் மலையை விட்டு இறங்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து அதே இடத்தில் ஆறாத புண். இந்த முறை புற்று.

மகன் சொல்வதில் வரிசை சரி. முதலில் விட்டார், பிறகு வந்தது. ஆனால் புற்று அந்தப் பதினான்கு மாதத்தில் தொடங்கவில்லை. அது தொடங்கிப் பல வருடம் ஆகியிருந்தது.

வாயின் உட்தோல் அடுக்கடுக்கானது. மேலே இருக்கும் செல்கள் இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். அவற்றில் என்ன கெட்டாலும் கவலை இல்லை. அடியில் இருக்கும் அடுக்குதான் முக்கியம். அங்கிருக்கும் தாய்ச் செல்கள் உதிர்வதில்லை. வருடக்கணக்கில் பிரிந்து பிரிந்து மேலே புதுச் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். புகையிலையில் இருக்கும் நைட்ரோசமின் வகைப் பொருள்கள் இந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டுகின்றன. பாக்கும் தனியாகவே புற்றை உண்டாக்கக்கூடியது. "புகையிலை இல்லீங்க, வெறும் பாக்குதான்" என்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஒட்டிய சேதத்தைச் செல் பெரும்பாலும் சரிசெய்துவிடும். சரிசெய்வதற்குள் பிரிந்துவிட்டால், அந்தப் பிழை நிரந்தரம். அந்தத் தாய்ச் செல்லின் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் அது போய்ச் சேரும்.

பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. இரண்டு வகை மரபணுக்களில் விழும்போதுதான் ஆபத்து. ஒரு வகை, "பிரி" என்று செல்லுக்குக் கட்டளை தருபவை. தேவைப்படும்போது பேசும், இல்லாதபோது அடங்கும். இவற்றில் ஒன்று பிழையால் அடங்க மறந்து ஓயாமல் கட்டளையிட ஆரம்பித்தால், அதற்குப் பெயர் ஆன்கோஜீன். ஒரே ஓர் எழுத்து மாறினால்கூடப் போதும். ராஸ் என்ற மரபணுவில் அப்படி ஓர் எழுத்து மாற்றம் இருப்பதை 1982-இல் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் கண்டுபிடித்தார்கள். சில நேரம் எழுத்து மாறாது, மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடும். வாய்ப் புற்றில் சைக்ளின் டி1 மரபணுவுக்கு இப்படி நடப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

இன்னொரு வகை, "நில்" என்று சொல்பவை. கட்டி அடக்கும் மரபணுக்கள். இவை அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதியாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று பெரும்பாலும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் போனால்தான் காவல் போனது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து, இரண்டு பிரதியும் அடிபட வேண்டும் என்ற இந்தக் கணக்கை 1971-இல் அமெரிக்க மருத்துவர் நட்சன் சொன்னார். இந்த வகையில் முக்கியமானது பி53. டி.என்.ஏ. சேதப்பட்டால் செல் பிரிவதை நிறுத்திச் சரிசெய்ய அவகாசம் தரும். முடியாத அளவு சேதம் என்றால் அந்தச் செல்லையே சாகவைக்கும். பி53 போன செல், பிழையோடே பிரியும். அதன் பிறகு பிழைகள் இன்னும் வேகமாகச் சேரும்.

வாயில் பெரும்பாலும் ஒன்பதாவது குரோமோசோமில் இருக்கும் பி16 என்ற அடக்கும் மரபணு முதலில் போகும், பி53 அப்புறம், வேறு சில பின்னால். வரிசை ஆளுக்கு ஆள் மாறலாம். எத்தனை சேர்ந்தன என்பதே கணக்கு. அதற்குத்தான் இத்தனை வருடம் ஆகிறது. நாற்பது வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் சொல்லும் காலம், உள்ளே பிழைகள் சேர்ந்துகொண்டிருந்த காலம்.

அந்த அம்மாவின் முதல் சதையை மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய பிளாக்கைத் தேடி எடுத்து, முதல் சதைக்கும் இரண்டாவது சதைக்கும் பி53 சாயம் போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போன பி53 மரபணு உண்டாக்கும் புரதம் பெரும்பாலும் சீக்கிரம் சிதையாமல் உட்கருவிலேயே தேங்கும். சாயத்தில் அது அடர்பழுப்பாகத் தெரியும். இரண்டாவது ஸ்லைடில் செல்கள் அடி அடுக்குக்குக் கீழே எல்லையாக இருக்கும் அடிச்சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன, உட்கருக்கள் எல்லாம் பழுப்பு. முதல் ஸ்லைடில் சவ்வு முழுசாக இருந்தது. ஆனால் அடி அடுக்கு நெடுக அதே அடர்பழுப்பு, மேல் அடுக்குகளிலும் ஏறியிருந்தது. சாயம் மரபணுவின் எழுத்துகளை நேரடியாகப் படிப்பதில்லை. இருந்தாலும் இப்படி ஒரே சீராக அடர்ந்து தெரிந்தால், பி53 கெட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். அந்த முதல் சதை எடுத்த அன்று அவர் புகையிலையை விட்டிருக்கவில்லை. இதைத்தான் மகனை உட்காரவைத்துக் காட்டினேன்.

விட்டதும் புதிய சேதம் நின்றது. விட்ட வருடங்கள் கூடக் கூட ஆபத்தும் குறையும். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட பிழையைப் புகையிலையை விடுவது அழிக்காது. அந்தத் தாய்ச் செல்கள் தாமாகவே பிரிந்து மிச்சப் பிழைகளைச் சேர்த்துக்கொள்ள முடியும். அதனால்தான் திட்டு மங்கினாலும் வந்து காட்டச் சொல்கிறோம். மேலே வெள்ளை போவது வேறு, அடி அடுக்கு சரியாவது வேறு.

சக மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிஸ்ப்ளேசியா ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "கேன்சர் இல்லை, பயப்படாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அடுத்து வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுங்கள்.

மற்றவர்களுக்கு: இன்றைக்கே விடுங்கள், பாக்கையும் சேர்த்து. கண்ணாடி முன் நின்று வெளிச்சத்தில் கன்னத்தை இழுத்து, நாக்கைத் தூக்கிப் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, அதைவிட முக்கியமாகச் சிவப்புத் திட்டு, மூன்று வாரம் ஆறாத புண், மூன்று விரலை நிமிர்த்தி வைத்தால் நுழையாத வாய், இதில் எது இருந்தாலும் காட்டுங்கள். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. சதை எடுத்தால் பரவும் என்ற பயத்தையும் விடுங்கள், மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர்தான் எடுப்பார்கள்.

அந்த அம்மாவுக்குக் கன்னத்தில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். கதிர்வீச்சு முடிந்திருக்கிறது. வாயின் மற்ற இடங்களும் அதே புகையிலையை அத்தனை வருடம் பார்த்தவைதான், அங்கும் பிழை சேர்ந்த செல்கள் இருக்கலாம். அதனால் வலது கன்னத்தையும் நாக்கையும் சேர்த்துப் பார்க்க இப்போது மாதாமாதம் வருகிறார். மகன்தான் கூட்டி வருகிறார்.