கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசி: ஒரு பொருளின் ஏற்றமும் இறக்கமும்

2000களின் பிற்பாதியில் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தப் பொருள் நினைவிருக்கும். பார்க்க மேசைத் தொலைபேசி மாதிரியே இருக்கும், ஆனால் சுவரிலிருந்து கம்பி வராது. பின்னால் குட்டி அன்டெனா ஒன்று நிற்கும். மின்சாரம் போனாலும் உள்ளே இருக்கும் பற்றரியில் ஓடும். சிடிஎம்ஏ ஃபோன் என்றுதான் எல்லோரும் சொன்னோம். ஒரு பொருள் அறிமுகமாகி, வளர்ந்து, முதிர்ந்து, தேய்வதை இவ்வளவு குறுகிய காலத்தில் நம் கண்முன்னே காட்டிய வேறொன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

அறிமுகக் கட்டம் 1996 இல் தொடங்கியது. சன்டெல், லங்கா பெல் என்ற இரு நிறுவனங்கள் வானலை வழியாக நிலையான தொலைபேசி கொடுக்க வந்தன. அப்போது கருவியும் கோபுரமும் விலை கூடியவை. வாடிக்கையாளர் குறைவாக இருக்கும்போது அந்தச் செலவைச் சிலரே சுமக்க வேண்டும். ஆகவே இந்தக் கட்டத்தில் நிறுவனம் எல்லோரையும் தேடிப் போகாது. கம்பி இணைப்புக்குக் காத்திருக்க முடியாத, காசு கொடுக்கக்கூடிய அலுவலகங்களைத்தான் முதலில் பிடிக்கும்.

2005 அளவில் சிடிஎம்ஏ தொழில்நுட்பம் வந்ததும் கணக்கு மாறியது. ஒரே கோபுரத்தில் அதிகம் பேரைச் சேர்க்க முடிந்தது, சிறிலங்கா டெலிகொம்மும் களத்தில் இறங்கியது. 2004 முடிவில் நாட்டில் சுமார் 10 லட்சமாக இருந்த நிலையான இணைப்புகள், 2008 முடிவில் 34 லட்சத்தைத் தாண்டின. கூடியவற்றில் பெரும்பகுதி இந்தக் கம்பியில்லாதவைதான். இத்தகைய வளர்ச்சியில் இலாபத்தை விட வேகம் முக்கியம். கருவியின் விலையைக் குறைத்து, ஊருக்கு ஊர் முகவர்களைப் போட்டு, இன்றே பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விற்பார்கள். இன்று பிடிக்காத வீட்டை நாளை போட்டியாளர் பிடித்துவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

அதற்குப் பிறகு வளர்ச்சிக் கோடு தட்டையானது. 2008 முதல் 2011 வரை மொத்த நிலையான இணைப்புகள் 34 லட்சத்திலிருந்து 36 லட்சத்துக்குத்தான் போயின. அதே மூன்று ஆண்டுகளில் கைத்தொலைபேசி இணைப்புகள் 1 கோடியே 10 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின. முதிர்ச்சி என்பது இதுதான். புது வீடு கிடைப்பது அரிது, இருக்கிற வீட்டைத் தக்கவைப்பதே வேலை. மலிவான அழைப்புப் பொதிகளும் இணைய வசதியும் இப்போதுதான் முன்னுக்கு வரும்.

இங்கேதான் நிறுவனங்கள் அதிகம் ஏமாறுகின்றன என்பது என் எண்ணம். இணைப்பு எண்ணிக்கை மெதுவாகத்தான் விழும், ஏனென்றால் ஃபோனை யாரும் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. அது மேசையில் சும்மா கிடக்கும். பேசும் நிமிடங்கள்தான் முதலில் குறையும். ஆகவே தேய்வு தொடங்கிவிட்டதா என்று அறிய, ஒரு வீடு மாதம் எத்தனை நிமிடம் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தால் பரவாயில்லை. பண்டிகை மாதங்களிலும் கூடாமல் தொடர்ந்து குறைந்தால் ஆட்கள் வேறு வழிக்குப் போய்விட்டார்கள் என்று பொருள்.

தேய்வில் வழக்கமான ஆலோசனை, செலவைக் குறைத்து மிச்ச இலாபத்தைக் கறப்பது. சவர்க்காரத்துக்கு இது சரி, விற்பனை பாதியானால் உற்பத்தியையும் பாதியாக்கலாம். தொலைபேசிக்கு அது முடியாது. கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோபுரத்துக்கு மின்சாரம், வாடகை, பராமரிப்பு எல்லாம் மாதம் 150,000 ரூபாய். 600 வீடுகள் தலா 500 ரூபாய் தந்தால் வருமானம் 300,000, பாதி மிஞ்சும். 300 வீடுகளானால் எதுவும் மிஞ்சாது. 200 ஆனால் மாதம் 50,000 நட்டம், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கோபுரத்தை அணைத்துவைக்க வழியில்லை. ஆகவே கடைசி வாடிக்கையாளர் போகும்வரை காத்திருக்காமல், இருப்பவர்களை அடுத்த பொருளுக்கு மாற்றிவிட வேண்டும்.

நடந்ததும் ஏறத்தாழ அதுதான். 2012 இல் சன்டெல்லைக் கைத்தொலைபேசி நிறுவனமான டயலொக் வாங்கியது. 2013 முடிவில் நிலையான இணைப்புகள் 27 லட்சமாக இறங்கியிருந்தன. அப்புறம் வீடுகளுக்கு 4ஜி ரவுட்டர்கள் வந்தன. வீட்டில் இருந்தபடி ஊரோடு பேச வேண்டும் என்ற தேவை தேயவில்லை, அதைத் தீர்த்த பெட்டிதான் தேய்ந்தது.

அந்த ரவுட்டர்கள் பலவற்றின் பின்னால் தொலைபேசி செருக ஒரு சின்னத் துளை உண்டு. பழைய மேசைத் தொலைபேசியை அதில் செருகி இன்னும் பேசுகிற பெரியவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.