பூட்டிய கைப்பேசியில் மருத்துவர் தேடும் தகவல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணை பகுதிகளில் வெள்ளம் வடியாமல் நின்றது. பல தெருக்களில் மின்சாரமும் கைப்பேசிச் சேவையும் நாள்கணக்கில் இல்லை. அத்தகைய வெள்ளத்தில் தனியே சிக்கிய, சர்க்கரை நோயுள்ள முதியவர் ஒருவரை மயங்கிய நிலையில் படகில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எனக்கு, அவர் உட்கொள்ளும் மாத்திரையின் பெயர் உடனே தெரிய வேண்டும்.

உணவு கிடைக்காத நாளிலும் வழக்கம்போல் கிளிமெபிரைடு உட்கொண்டவருக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்தாலும், அம்மாத்திரையின் வீரியம் உடலில் நீடிப்பதால் சில மணி நேரத்தில் அவர் மீண்டும் மயங்கலாம். ஆகவே அவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் கண்காணிக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவருக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. "சர்க்கரை மாத்திரை" என்று மட்டும் குறித்திருந்தால் இந்த வேறுபாடு எங்களுக்குப் புலப்படாது.

எனவே, மாத்திரை அட்டையில் அச்சிட்டுள்ள மருந்தின் பெயர், அளவு, உண்ணும் வேளை, ஒவ்வாமை ஆகியவற்றைக் கைப்பேசியில் பதியுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள் அதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். இரத்த வகையைப் பலர் முதன்மையாகக் கருதுகிறார்கள். நாங்கள் எப்படியும் பரிசோதித்த பிறகே இரத்தம் ஏற்றுவோம். ஐபோனில் Health செயலியின் Medical ID பகுதியில் இவற்றை எழுதி, Show When Locked என்பதை இயக்க வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் Settings பகுதியில் Safety & emergency என்ற தலைப்பின்கீழ் இதற்கு இடமுண்டு. பிறகு கைப்பேசியைப் பூட்டி, விரல்ரேகை வைக்காமல் Emergency பொத்தானை அழுத்தி, எழுதியவை தெரிகின்றனவா என்று பாருங்கள். பலர் இந்தச் சோதனையைச் செய்வதே இல்லை.

அவசரத் தொடர்பாக இருவரைச் சேர்ப்பதாயின், ஒருவர் வெளியூரில் இருப்பது நல்லது, ஏனெனில் அதே வெள்ளத்தில் இருக்கும் மகனின் கைப்பேசிக்கும் சிக்னல் கிடைக்காமல் போகலாம். 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களையும் சேமித்துக்கொள்ளுங்கள்.

மின்னேற்றம் தீர்ந்தால் இவை எதுவும் திரையில் தெரியாது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், மின்னழுத்த மாற்றத்தில் ஏற்படும் இழப்பினால், 5,000 எம்ஏஎச் கைப்பேசியை இருமுறை முழுமையாக நிரப்பாது. ஒன்றேகால் முறை அளவுக்கே எதிர்பார்க்கலாம். சிக்னல் பலவீனமான இடத்தில் கோபுரத்தைத் தேடியே பேட்டரி விரைவில் கரைவதால், பேசாத நேரத்தில் விமானப் பயன்முறையில் வைப்பது அந்த மின்சாரத்தை நீட்டிக்கும்.

கூகுள் மேப்ஸில் உங்கள் பகுதியை முன்கூட்டியே பதிவிறக்கியிருந்தால், ஜிபிஎஸ் இணையமின்றி இயங்குவதால் மருத்துவமனைக்கு வழி கிடைக்கும். எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்பதை மட்டும் அந்த வரைபடம் அறியாது. நனைந்து அணைந்துபோகும் கைப்பேசிக்கு மாற்றாக, மருந்துப் பெயர்களையும் இரு தொலைபேசி எண்களையும் தாளில் எழுதி, நீர்புகாத உறையிலிட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும்.