ஒரே நாளை இரண்டு முறை கழிக்கக் கூடாது: குழுவின் உண்மையான வேலை நேரம்

ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழுவை நடத்தும் சென்னை வாசகர் ஒருவர், விடுப்பையும் கூட்டங்களையும் கழித்துத் திட்டமிட்ட பிறகும் மாதக் கணக்கு பொருந்தவில்லையே, ஏன் என்று கேட்டிருந்தார். கழிப்பது எளிது, ஒரே மணி நேரத்தை இரண்டு முறை கழிக்காமல் இருப்பதுதான் கடினம். பொங்கல் வரும் மாதத்தில் இந்தப் பிழை நன்றாகத் தெரியும் என்பதால் 2026 ஜனவரியையே எடுத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு விடுமுறையுடன் தமிழ்நாடு அரசின் பொது விடுமுறைகளையும் பின்பற்றும் நிறுவனம் என்றும், ஒரு நாளுக்கு 8 மணி நேர வேலை என்றும் கொள்வோம்.

அந்த மாதத்தில் திங்கள் முதல் வெள்ளி வரையிலான நாள்கள் 22. ஆறு பேருக்கு 132 ஆள்நாள்கள், அதாவது 1,056 மணி நேரம். ஆங்கிலப் புத்தாண்டு, பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள், குடியரசு நாள் என விடுமுறைகள் ஐந்து. ஆனால் உழவர் திருநாளான 17ஆம் தேதி சனிக்கிழமை; அது ஏற்கெனவே கணக்கில் இல்லாத நாள். எனவே கழிக்க வேண்டியவை நான்கே: 24 ஆள்நாள்கள். மீதி 108.

அடுத்து விடுப்பு. குழுவில் இருவர் ஊருக்குப் போக 12 முதல் 19 வரை விடுப்பு எழுதியிருக்கிறார்கள். காலண்டரில் எட்டு நாள்கள். ஆனால் 15, 16 பொது விடுமுறை, 17, 18 வார இறுதி. உண்மையில் இழக்கும் வேலைநாள்கள் 12, 13, 14, 19 ஆகிய நான்குதான். பள்ளியில் கணமொழிப் பாடத்தில் படித்த n(A∪B) = n(A) + n(B) − n(A∩B) இங்கே அப்படியே வேலை செய்கிறது: விடுமுறையையும் விடுப்பையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினால் இரண்டும் சந்திக்கும் நாள்கள் இருமுறை கழிந்துவிடும். நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான்: வெட்டைத் தனியே கணக்கிடாமலே தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆளுக்கு ஒரு வரிசை, நாளுக்கு ஒரு பத்தி என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு காரணத்தை மட்டும் எழுத வேண்டும். விடுமுறை என்று எழுதிய கட்டத்தில் விடுப்பு என்று மறுபடி எழுத இடமே இராது. எக்செல் இதைச் சூத்திரமாகவே தருகிறது:

```
=NETWORKDAYS(DATE(2026,1,12),DATE(2026,1,19),H1:H5)
```

H1 முதல் H5 வரை ஐந்து விடுமுறைத் தேதிகளையும் இட்டால், விடை 4. சனிக்கிழமை வந்த உழவர் திருநாளை அது மீண்டும் கழிப்பதில்லை.

வேறு இருவர் 14ஆம் தேதி போகிக்கு ஒரு நாள் விடுப்பு. ஆக மொத்தம் 10 ஆள்நாள்கள். 20 முதல் 22 வரை இருவருக்கு முழுநாள் பயிற்சி, 6 ஆள்நாள்கள். மீதி 92 ஆள்நாள்கள், 736 மணி நேரம்.

கூட்டங்களைக் கடைசியில் கழிப்பதற்குக் காரணம் உண்டு: வராதவர் கூட்டத்தில் உட்காருவதில்லை. தினசரி 15 நிமிட ஸ்டாண்ட்அப் 92 ஆள்நாள்களில் மட்டுமே நேரத்தைத் தின்னும், 23 மணி நேரம். திங்கள்தோறும் நடக்கும் இரண்டு மணி நேரத் திட்டமிடல் கூட்டம் வேறு விதமானது. 26ஆம் தேதி விடுமுறை என்பதால் ஸ்டாண்ட்அப் அன்று மறைந்துவிடும். திட்டமிடலோ மறையாது, 27ஆம் தேதிக்குத் தள்ளிப்போகும். 12, 19 தேதிகளில் நால்வரும், 5, 27 தேதிகளில் அறுவரும் கலந்துகொள்ள, மொத்தம் 40 மணி நேரம். இறுதி விடை 673 மணி நேரம். தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 64 சதவீதம்.

எல்லாவற்றையும் தனித்தனியே கழித்திருந்தால் 543 வந்திருக்கும். அதற்கு எதிர்த் திசையில், பல அலுவலகங்களில் மந்திரம்போல் ஓதப்படும் ‘இருபது சதவீதம் கழித்துவிடு’ என்ற வழக்கம் ஏறக்குறைய 845 என்று சொல்லும். எந்த மாதத்துக்கும் ஒரே சதவீதம் என்பது கணக்கு அல்ல, நம்பிக்கை என்பதே என் கருத்து.

பிழையைக் கண்டுபிடிக்க, கழித்து வந்த எண்ணைக் கட்டங்களில் நேரடியாக எண்ணி வந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஊருக்குப் போனவரின் வரிசையில் 14 வேலைநாள்கள் வெறுமையாக இருக்க, தாளில் 22 − 5 − 8 = 9 என்று வந்திருந்தால், இருமுறை கழித்த இடம் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். திடீர்க் காய்ச்சலுக்கும் அவசரப் பழுதுகளுக்கும் இந்தக் கட்டத்தில் இடமில்லை. அவற்றுக்குக் குழுவின் முந்தைய மாதப் பதிவுகளைப் பார்த்து 673இலிருந்து தனியே ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று, மாத மொத்தம் வாரங்களின் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடும். 5ஆம் தேதி தொடங்கும் வாரத்தில் 30 ஆள்நாள்கள் முழுமையாகக் கிடைக்கின்றன. 12ஆம் தேதி தொடங்கும் வாரத்தில் கிடைப்பவை 10 மட்டுமே, கூட்டங்கள் போக 69.5 மணி நேரம். மாதக் கணக்கு சரியாக இருந்தாலும், 14ஆம் தேதி ஒப்படைப்பதாக வாக்களித்த வேலையை 9ஆம் தேதிக்குள்ளேயே பெருமளவு முடித்திருக்க வேண்டும்.